டிரான்சிஸ்டர் டிஃபரென்ஷியல் ஜோடி: அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது

இரண்டு டிரான்சிஸ்டர், கீழே ஒரு கரண்ட் சோர்ஸ், மேலே இரண்டு ரெசிஸ்டர். பார்க்கச் சின்ன சர்க்யூட்தான். ஆனால் இதில் வரும் கோளாறுகள் சிக்கலானவை. டிசி வோல்டேஜ் எல்லாம் சரியாக இருக்கும், டிஃபரென்ஷியல் கெயினும் கணக்குப்படி வரும், காமன் மோடு கெயின் மட்டும் முப்பது மடங்கு கூடுதலாக இருக்கும். எங்கே தேடுவது என்று தெரியாமல் டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்ப்பவர்கள் நிறைய. அதற்குத் தேவையே இல்லை. அளந்த எண்ணே எந்தப் பாகம் என்று சொல்லிவிடும்.

பொதுவாகப் பேசினால் பிழை பிடிபடாது. அதனால் கீழே உள்ள ஒரு சர்க்யூட்டையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மதிப்புகள் வேறாக இருந்தால் அதே கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
+12V -- RC1 10k -- Q1 C
+12V -- RC2 10k -- Q2 C
Q1 E, Q2 E -- Q3 C          (tail)
Q3 E -- RE 1k -- -12V
Q3 B -- LED(+) ; LED(-) -- -12V
Q3 B -- RB 10k -- GND
Q1 B -- 100R -- GND
Q2 B -- 100R -- GND
Q1, Q2, Q3 = BC547B ; LED = red
```

Q3-இன் பேஸில் சிவப்பு எல்இடி வைத்திருப்பது அழகுக்காக அல்ல. சுமார் 1 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே ஏறக்குறைய 1.7 வோல்ட் நிற்கும். அதில் பேஸ்-எமிட்டருக்கு 0.65 போக, மீதி 1.05 வோல்ட் RE-இன் மேல் விழுகிறது. ஆக டெயில் கரண்ட் 1.05 மில்லி ஆம்பியர். சூடு ஏறும்போது எல்இடியின் வோல்டேஜும் பேஸ்-எமிட்டர் வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் இறங்கும் என்பதால் இந்த கரண்ட் அவ்வளவாக நகராது. இரண்டு 1N4148 டயோடு போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் RE-க்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறைந்துவிடும். அது ஏன் முக்கியம் என்பது காமன் மோடு கெயின் பகுதியில் தெரியும்.

## சிக்னல் கொடுப்பதற்கு முன்பு

இரண்டு பேஸையும் 100 ஓம் வழியாக கிரவுண்டில் வைத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் பிடித்து, ஐந்து இடங்களை அளந்துகொள்ளுங்கள். Q3-இன் பேஸ் −10.3, அதன் எமிட்டர் −10.95, டெயில் புள்ளி −0.6 முதல் −0.65 வரை, இரண்டு கலெக்டரும் +6.75 வோல்ட் அளவில். எல்இடியைப் பொறுத்து கால் வோல்ட், அரை வோல்ட் முன்பின் இருந்தால் பரவாயில்லை.

இதைத் தாண்டாமல் ஆசிலாஸ்கோப்பை எடுக்க வேண்டாம். கெயின் இரண்டுமே இந்த கரண்டைத்தான் நம்பியிருக்கின்றன.

## இரண்டு கலெக்டரும் +12-இல் நிற்கின்றன

டெயில் கரண்டே இல்லை. Q1, Q2 பக்கம் போகவே வேண்டாம், Q3-ஐப் பாருங்கள். பேஸும் −12 வோல்ட்டில் இருந்தால் RB எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது எல்இடி ஷார்ட். பேஸ் −10.3 என்று சரியாக இருந்து கரண்ட் மட்டும் இல்லையென்றால் RE-யின் கால் பிரெட்போர்டில் சரியாக உட்காரவில்லை. பெரும்பாலும் இவ்வளவுதான்.

## இரண்டு கலெக்டரும் பூஜ்யத்துக்குக் கீழே, −1 வோல்ட்டை ஒட்டி

இது முந்தையதற்கு நேர் எதிர். டெயில் கரண்ட் அளவுக்கு மிஞ்சி ஓடுகிறது. ஒவ்வொரு 10 கே ரெசிஸ்டரும் அதிகபட்சமாக 1.3 மில்லி ஆம்பியர்தான் தர முடியும். அதற்கு மேல் Q3 இழுத்தால் மீதியை Q1, Q2-இன் பேஸ் வழியாக, 100 ஓம் ரெசிஸ்டர்களிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டு டிரான்சிஸ்டரும் சாச்சுரேஷனுக்குப் போய்விடும்.

காரணங்களில் முதலாவது எல்இடியைத் திருப்பிப் போட்டிருப்பது. திருப்பிப் போட்டால் எல்இடி கரண்டை விடாது. பேஸ் −10.3-இல் கட்டப்படாமல் RB வழியாக கிரவுண்டை நோக்கி ஏறிவிடும், Q3 பத்து மில்லி ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும். எல்இடி எரியவில்லை என்பதே சாட்சி.

இரண்டாவது, Q3-இன் கால்கள் மாறியிருப்பது. BC547-இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2N3904-இல் அது அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடுபவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். Q3 தலைகீழாக இருந்தால் அதன் பேஸ்-எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் 9 வோல்ட்டுக்கும் மேல் வாங்குகிறது. அது தாங்குவதாக டேட்டாஷீட் உத்தரவாதம் தருவது 6 வோல்ட். சந்தி உடைந்து கரண்ட் நேராக எல்இடிக்குள் கொட்டும், எல்இடி வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரியும். இப்படி உடைந்த டிரான்சிஸ்டரைத் திருப்பி ஒழுங்காகச் சொருகினால் வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் அதன் பீட்டா நிரந்தரமாகக் குறைந்திருக்கலாம், இரைச்சலும் கூடியிருக்கலாம். இரண்டு ரூபாய்ச் சமாச்சாரம், தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுங்கள்.

## ஒரு கலெக்டர் +12, இன்னொன்று +1.5

டெயில் கரண்ட் சரியாக இருக்கிறது, முழுவதும் ஒரே பக்கம் போய்விட்டது. 1.05 மில்லி ஆம்பியரை 10 கே-யால் பெருக்கினால் 10.5 வோல்ட், 12-இல் அது போக மீதி 1.5. இந்த எண்ணைப் பார்த்தாலே கரண்ட் சோர்ஸை விட்டுவிடலாம்.

கரண்ட் ஒரு பக்கமாகச் சாய பேஸ்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தேவையில்லை. 60 மில்லிவோல்ட் இருந்தால் பத்துக்கு ஒன்று, 120 இருந்தால் நூற்றுக்கு ஒன்று என்று பிரிந்துவிடும். +12-இல் நிற்கும் பக்கத்தின் பேஸுக்கு டிசி வழி இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னலை கெப்பாசிட்டர் வழியாகக் கொடுத்துவிட்டு, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ரெசிஸ்டர் வைக்க மறப்பதுதான் இதில் அடிக்கடி நடப்பது. டிரான்சிஸ்டருக்கு இரண்டு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவான பேஸ் கரண்ட் போதும், ஆனால் அந்தக் கொஞ்சமும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

## கலெக்டர்களுக்கு இடையே ஒன்று, இரண்டு வோல்ட் வித்தியாசம்

பையிலிருந்து கைக்கு வந்த இரண்டு BC547-ஐப் போட்டால் இது பிழையே அல்ல. இரண்டின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜும் ஒரே கரண்டில் சில மில்லிவோல்ட் வேறுபடும். 5 மில்லிவோல்ட் வேறுபாட்டை இந்தச் சர்க்யூட் 200 மடங்காக்கி, கலெக்டர்களுக்கு நடுவே 1 வோல்ட்டாகக் காட்டும்.

டிரான்சிஸ்டரா, ரெசிஸ்டரா என்று பிரிக்க Q1-ஐயும் Q2-ஐயும் இடம் மாற்றுங்கள். வித்தியாசம் டிரான்சிஸ்டரோடு சேர்ந்து மறு பக்கம் போனால் அது டிரான்சிஸ்டர். அதே பக்கத்தில் நின்றால் கலெக்டர் ரெசிஸ்டரையும் பேஸ் ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள். மாற்றிச் சொருகியதும் விரலின் சூடு தணியும்வரை கொஞ்சம் காத்திருந்து படியுங்கள். ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் 1 டிகிரி சூடானால் 2 மில்லிவோல்ட் நகரும், அதாவது வெளியே 0.4 வோல்ட். ஒன்றை விரலால் தொட்டு, கலெக்டர் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் இது நன்றாகவே விளங்கும்.

பொறுக்கியெடுத்த ஜோடி கிடைத்தால் அவற்றின் தட்டை முகங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கிவிடுங்கள். ஒரே சிலிக்கான் துண்டில் வார்த்த ஜோடி வேண்டுமென்றால் CA3046 போன்ற டிரான்சிஸ்டர் வரிசை இருக்கிறது. அதில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் எமிட்டர் சேர்த்து டிஃபரென்ஷியல் ஜோடியாகவே வெளியே வருகின்றன.

## டிஃபரென்ஷியல் கெயின் பாதி, அல்லது இரட்டிப்பு

சரி, இனி சிக்னல். ஒவ்வொரு பக்கமும் 0.525 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. எமிட்டரின் உள் மின்தடை 26 மில்லிவோல்ட்டை அதனால் வகுத்தால் கிடைப்பது, ஏறக்குறைய 50 ஓம்.

```
re = 26 mV / 0.525 mA ≈ 50 Ω
Ad (C1 - C2)  = RC / re     = 200
Ad (C2 only)  = RC / (2 re) = 100
```

ஜெனரேட்டரை 10 கே வழியாக Q1-இன் பேஸில் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே உள்ள 100 ஓமோடு சேர்ந்து அது சிக்னலை நூறில் ஒரு பங்காக்கும். 1 கிலோஹெர்ட்ஸில் 1 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் வைத்தால் பேஸில் 10 மில்லிவோல்ட். ஒவ்வொரு கலெக்டரிலும் 1 வோல்ட், ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி வர வேண்டும். இரண்டையும் கழித்தால் 2 வோல்ட்.

கெயின் சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் சர்க்யூட்டைச் சந்தேகிக்காதீர்கள். அளக்கும் முறைதான் காரணம். ஒரு கலெக்டரில் அளந்துவிட்டு 200-ஐ எதிர்பார்த்தால் பாதியாகத் தெரியும். இன்னொரு பக்கம், ஜெனரேட்டர் 50 ஓம் லோடு இருப்பதாக எண்ணி 1 வோல்ட் என்று திரையில் காட்டிக்கொண்டே, லோடு இல்லாததால் 2 வோல்ட் தந்துகொண்டிருக்கும். அப்போது கெயின் இரட்டிப்பாகத் தெரியும். திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், ஜெனரேட்டர் முனையிலேயே ஒரு சேனலை வைத்து அளந்துவிடுவது நல்லது.

கலெக்டர்களுக்கு இடையிலான சிக்னலைப் பார்க்க ப்ரோபின் முனையை ஒன்றிலும் அதன் கிரவுண்ட் கிளிப்பை மற்றதிலும் மாட்டக் கூடாது. கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. சப்ளையின் கிரவுண்டும் எர்த்தில் இருந்தால் அந்தக் கலெக்டர் கிரவுண்டில் கட்டப்பட்டுவிடும். இரண்டு சேனலில் தனித்தனியாகப் பிடித்து, கழித்தலை ஸ்கோப்பிடம் விடுங்கள்.

பாதியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை, 70, 75 என்று வருகிறதென்றால் RE-இன் குறுக்கே மறுபடி அளந்து டெயில் கரண்டைச் சரிபாருங்கள். கெயின் அந்த கரண்டுக்கு நேர் விகிதம். கரண்ட் சரியென்றால், 100 ஓமை விட்டுவிட்டு 10 கே வழியாக மட்டும் சிக்னல் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். பேஸ்களுக்கு இடையே தெரியும் மின்தடை பீட்டா 300 என்றால் சுமார் 30 கே. 10 கே-யோடு சேர்ந்து கால் பங்கு அங்கேயே போய்விடும்.

## அலையின் உச்சிகள் மழுங்குகின்றன

மேலும் கீழும் ஒரேபோல வழவழவென்று உருண்டிருந்தால் உள்ளீடு கூடிவிட்டது. இந்த ஜோடியின் கரண்ட் நேர்கோடாக ஏறுவதில்லை, டான்எச் வளைவில் படிகிறது. பேஸ்களுக்கு நடுவே 18 மில்லிவோல்ட் உச்சம் போனாலே மூன்றாம் ஹார்மோனிக் 1 சதவீதம். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் வெளியே கிட்டத்தட்டச் சதுர அலைதான். அளவைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை, அல்லது எமிட்டர்களில் ரெசிஸ்டர் சேர்த்து கெயினை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முன்னதாக மழுங்கினால், கலெக்டர்களுக்கு இடையே வரும் வித்தியாசம் என்று மேலே சொன்ன ஆஃப்செட்தான் காரணம்.

## காமன் மோடு கெயின் கூடுதல்

இனிதான் விஷயம். இரண்டு பேஸையும் ஒரே கம்பியில் சேர்த்து ஒரே சிக்னல் கொடுத்தால், டெயில் புள்ளி அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். கரண்ட் சோர்ஸ் உண்மையிலேயே அசையாமல் இருந்தால் கலெக்டரில் ஒன்றும் வரக் கூடாது. கொஞ்சம் வருகிறது என்றால், டெயிலின் வோல்டேஜ் மாறும்போது அதன் கரண்டும் கொஞ்சம் மாறுகிறது என்று பொருள். அந்தக் கொஞ்சத்தை RT என்ற ஒரு மின்தடையாக எழுதிக்கொள்ளலாம்.

```
Acm = RC / (2 RT)      =>   RT = RC / (2 Acm)
```

இந்த இரண்டாவது வடிவத்தைத்தான் பலர் எழுதிப் பார்ப்பதில்லை. காமன் மோடு கெயினை அளப்பது, டெயிலுக்குள் ஓம் மீட்டரை வைத்துப் பார்ப்பதற்குச் சமம். எவ்வளவு ஓம் தெரிகிறதோ, அந்த ஓம் எந்தப் பாகத்திலிருந்து வரும் என்று கேட்டால் பிழை கிடைத்துவிடும்.

நல்ல நிலையில் எவ்வளவு வர வேண்டும்? BC547-இன் வெளியீட்டு மின்தடை 1 மில்லி ஆம்பியரில் 70 கே அளவில் இருக்கும். RE அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. Q3-இன் உள் எமிட்டர் மின்தடை 25 ஓம்தான், RE அதைப்போல நாற்பது மடங்கு. பேஸ் வழியாகக் கசிவது போக, பெருக்கம் 35 மடங்கு அளவில் நிற்கும். ஆக 2.5 மெகா ஓம். கெயின் 0.002. ஒரு கலெக்டரில் எடுத்தால் டிஃபரென்ஷியல் கெயினுக்கும் இதற்கும் விகிதம் 50,000, டெசிபலில் 94. அதே இடத்தில் −12-க்கு வெறும் 10 கே ரெசிஸ்டர் வைத்திருந்தால் கெயின் 0.5, விகிதம் 46 டெசிபல் அளவு. ஆலன் புளூம்லின் 1936-இல் வால்வு ஜோடிக்கு பேட்டன்ட் கேட்டபோது டெயில் என்பது வெறும் ரெசிஸ்டர்தான். கரண்ட் சோர்ஸ் சேர்ந்ததால் கிடைத்த லாபம் இந்த வித்தியாசம்.

அளக்கும்போது 100 ஓம் ரெசிஸ்டர்களையும் 10 கே-யையும் எடுத்துவிட்டு, ஜெனரேட்டரை நேராகச் சேர்த்த பேஸ்களில் கொடுங்கள். சிக்னலைப் பெரிதாக வைக்கலாம். 10 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் கொடுத்தாலும் இந்தச் சர்க்யூட் தாங்கும். அப்போது கலெக்டரில் வர வேண்டியது 20 மில்லிவோல்ட். ஸ்கோப்பில் ஆவரேஜிங்கைப் போட்டால் தெளிவாகத் தெரியும்.

எண்ணைக் குறிப்பதற்கு முன் இரண்டு கலெக்டரின் கட்டத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே திசையில், உள்ளீட்டுக்கு எதிராக அசைந்தால் அது உண்மையான காமன் மோடு கெயின். ஒன்று ஏற மற்றொன்று இறங்கினால் நீங்கள் காமன் மோடை அளக்கவில்லை. இரண்டு பேஸுக்கும் ஒரே சிக்னல் போகவில்லை, எங்கோ ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை ஜோடி தன் வழக்கப்படி பெருக்கிக் காட்டுகிறது. இரு பக்கமும் தனித்தனி 10 கே, 100 ஓம் வைத்துக் கொடுத்தால் இதுதான் நடக்கும். 5 சதவீத ரெசிஸ்டர்களில் 10 வோல்ட்டிலிருந்து பேஸ்களுக்கு நடுவே 5 மில்லிவோல்ட் சாதாரணமாக உருவாகும், கலெக்டர்களில் அது அரை வோல்ட். இரண்டும் கலந்திருந்தால் ஸ்கோப்பில் கூட்டல் போட்டுப் பாதியாக்குங்கள். எதிர்த்திசைப் பங்கு கழிந்து காமன் மோடு மட்டும் மிஞ்சும்.

ஒரு கேஸை முழுக்கப் பார்ப்போம். டிசி எல்லாம் சரி. ஒரு கலெக்டரில் டிஃபரென்ஷியல் கெயின் 98. காமன் மோடில் 10 வோல்ட் கொடுத்தால் 20 மில்லிவோல்ட்டுக்குப் பதிலாக 0.7 வோல்ட் வருகிறது, இரண்டு கலெக்டரிலும் ஒரே கட்டத்தில். கெயின் 0.07. திருப்பிப் போட்டால் RT 71 கே.

இந்த 71 கே எங்கிருந்து வருகிறது? 10 கே அல்ல, அதனால் எந்த ரெசிஸ்டரும் டெயிலில் தவறாகச் சேரவில்லை. 2.5 மெகா ஓமும் அல்ல. ஆனால் Q3-இன் வெறும் வெளியீட்டு மின்தடை இதே அளவுதான். அப்படியென்றால் Q3 நன்றாக இருக்கிறது, RE-இன் பெருக்கம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. RE-இன் குறுக்கே 1.05 வோல்ட் இருப்பதால் டிசியில் அது வேலை செய்கிறது, ஏசியில்தான் இல்லை. டிசியில் இருந்து ஏசியில் மறைந்தால் அது கெப்பாசிட்டர். RE-க்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் ஒன்று உட்கார்ந்திருக்கும். காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபையர் கட்டிப் பழகிய கை எமிட்டர் ரெசிஸ்டரைப் பார்த்ததும் பைபாஸ் போட்டுவிடும். அங்கே அது கெயினைக் கூட்டும், இங்கே Q3-இன் வேலையைக் கெடுக்கும்.

பாகத்தைப் பிடுங்காமலே உறுதிசெய்ய வேண்டுமானால் ஜெனரேட்டரை 10 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், ஸ்கோப்பை டிசி கப்ளிங்கில் வைத்து. 0.7 வோல்ட் 0.1 வோல்ட் அளவுக்குக் குறைந்தால் கெப்பாசிட்டர்தான். குறையாமல் அப்படியே நின்றால் கெப்பாசிட்டர் இல்லை, RE இல்லாத சாதாரண கரண்ட் மிரரை டெயிலாக வைத்திருக்கிறீர்கள். அதன் இயல்பான அளவே 0.07 என்பதால் அங்கே பழுதுபார்க்க ஒன்றுமில்லை. இரண்டு எமிட்டரிலும் ரெசிஸ்டர் சேர்த்தால் கெயின் இறங்கும். RE-இன் மேல் எவ்வளவு வோல்டேஜ் விழ விடுகிறோமோ அவ்வளவு பெருக்கம். இரண்டு டயோடு வைத்தால் 0.65 வோல்ட், எல்இடி வைத்தால் 1.05. முதலில் எல்இடியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே ஓம் மீட்டர் வேறு எண்ணைக் காட்டினால் வேறு இடம். 1 கிலோஹெர்ட்ஸில் 16 கே அளவு தெரிந்து, ஃப்ரீக்வென்சியை இரட்டிப்பாக்கும்போது கெயினும் இரட்டிப்பானால், யாரோ டெயில் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட் வைத்திருக்கிறார்கள். டிஃபரென்ஷியல் சிக்னலுக்கு அந்தப் புள்ளி கிட்டத்தட்ட அசையாது என்பதால் டிஃபரென்ஷியல் கெயினில் இது துளியும் தெரியாது. அதனால்தான் நெடுநாள் பிடிபடாமல் இருக்கும். 0.7 மெகா ஓம் போல ஒன்று வந்தால் டெயிலில் உங்கள் ப்ரோப் 1 மடங்கு நிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் 1 மெகா ஓமும் 2.5-உம் இணையாகச் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும். டெயிலைத் தொடாமல் கலெக்டரில் மட்டும் அளப்பதுதான் சரி.

## ஃப்ரீக்வென்சி ஏற ஏறக் கூடுகிறது

குறைந்த ஃப்ரீக்வென்சியில் 0.002 என்று சரியாக இருந்து, 100 கிலோஹெர்ட்ஸில் 0.03-க்கு ஏறினால் பிழை இல்லை. Q3-இன் கலெக்டர் கெப்பாசிட்டன்ஸும் பிரெட்போர்டின் பட்டைகளும் சேர்ந்து 10 பிக்கோஃபாரட் ஆனால் போதும், அங்கே அது 160 கே. கெயின் ஏறத் தொடங்குவது 6 கிலோஹெர்ட்ஸ் அளவிலிருந்து. டெயிலின் கம்பியைக் குட்டையாக்கி, பிரெட்போர்டை விட்டு போர்டில் சால்டர் செய்தால் இந்தப் புள்ளி மேலே நகரும், மறையாது. டேட்டாஷீட்டுகளில் காமன் மோடு நிராகரிப்பு ஃப்ரீக்வென்சியோடு இறங்கும் கோடாக வரையப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

## மல்டிமீட்டரில் அளந்தால் இரண்டு மடங்கு

ஸ்கோப் இல்லாதவர்கள் சேர்த்த பேஸ்களை +5 வோல்ட்டிலும் −5 வோல்ட்டிலும் மாற்றி மாற்றி வைத்து கலெக்டரை அளப்பார்கள். நல்ல முறைதான். 20 மில்லிவோல்ட் நகர வேண்டும், ஆனால் சில நொடிகள் விட்டுப் படித்தால் 40 வரும். Q3 சூடாவதுதான் காரணம். டெயில் 10 வோல்ட் மேலே போனால் Q3-இல் 10 மில்லிவாட் கூடும். இந்தப் பிளாஸ்டிக் உறையில் 1 மில்லிவாட்டுக்கு 0.2 டிகிரி என்று வைத்தால் 2 டிகிரி. பேஸ்-எமிட்டர் 4 மில்லிவோல்ட் இறங்கும், எல்இடியோ தள்ளி இருப்பதால் அதோடு சேர்ந்து இறங்காது. டெயில் கரண்ட் 4 மைக்ரோ ஆம்பியர் கூடும், ஒவ்வொரு கலெக்டரிலும் இன்னொரு 20 மில்லிவோல்ட். மாற்றியவுடன் ஒரு தடவையும் கொஞ்சம் பொறுத்து ஒரு தடவையும் குறித்துக்கொண்டால் இரண்டையும் பிரிக்கலாம்.

## உள்ளீடு கிரவுண்டில் இருந்தும் இரண்டு கலெக்டரிலும் ஒரே ஹம்

பலர் இதைக் காமன் மோடு கெயின் என்று நினைத்து டெயிலைத் தோண்டுவார்கள். உள்ளீடே இல்லாதபோது அது காமன் மோடு கெயினாக இருக்க முடியாது. கலெக்டர் ரெசிஸ்டர் +12-இல் தொங்குகிறது, கரண்ட் மாறவில்லையென்றால் +12-இல் உள்ள ரிப்பிள் குறையாமல் அப்படியே கலெக்டருக்கு வரும். 100 ஹெர்ட்ஸில் 30 மில்லிவோல்ட் ரிப்பிள் இருந்தால் வெளியே 30 மில்லிவோல்ட். ஸ்கோப்பின் ஒரு சேனலை +12-இல் வைத்துப் பாருங்கள், இரண்டு அலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சப்ளையைச் சரிசெய்யுங்கள். −12-இன் ரிப்பிள் இந்த அளவுக்குத் தொல்லை தராது. எல்இடியும் RE-யும் இரண்டுமே −12-ஐப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே ஆடுவதால் Q3-இன் கரண்ட் அதிகம் மாறுவதில்லை.

## காமன் மோடு அலையின் ஒரு பாதி மட்டும் கெடுகிறது

சிக்னல் எல்லையைத் தாண்டுகிறது. கீழ்ப்பக்க எல்லை Q3-ஐப் பொறுத்தது. RE-க்கு 1.05, Q3-க்குக் குறைந்தது 0.2, Q1-இன் பேஸ்-எமிட்டருக்கு 0.65. இவற்றை −12-இலிருந்து கூட்டினால் −10.1 வோல்ட். அதற்குக் கீழே Q3 சாச்சுரேஷனில் விழுந்து, டெயில் கிட்டத்தட்ட 1 கே ரெசிஸ்டராகிவிடும், கெயின் 5 அளவுக்குத் தாவும். −12-க்குப் பதில் −3 வோல்ட் சப்ளை வைத்தவர்களுக்கு இந்த எல்லை −1.1-க்கே வந்துவிடும்.

மேல்பக்கம் Q1, Q2-ஐப் பொறுத்தது. கலெக்டர் +6.75-இல் இருக்கும்போது பேஸ் அதைத் தாண்டி அரை வோல்ட் அளவு ஏறினால் பேஸ்-கலெக்டர் சந்தி திறந்துவிடும். அதன்பிறகு கலெக்டர் பேஸைப் பின்தொடர்ந்து மேலே போகும், அதாவது கட்டம் திரும்பிவிடும். தனியாக இருக்கும் ஜோடியில் இது வெறும் அசிங்கமான அலை. ஃபீட்பேக் உள்ள ஆம்ப்ளிஃபையரின் முதல் ஸ்டேஜில் இது நடந்தால் நெகடிவ் ஃபீட்பேக் பாசிடிவாக மாறி, வெளியீடு ஒரு சப்ளையில் போய் ஒட்டிக்கொள்ளும், உள்ளீட்டை எடுத்தாலும் திரும்பாமல் போகலாம். அங்கே RC-ஐ 4.7 கே-க்குக் குறைத்தால் கலெக்டர் +9.5 வோல்ட்டுக்கு ஏறி மேல் எல்லையும் கிட்டத்தட்ட மூன்று வோல்ட் தள்ளிப்போகும். டிஃபரென்ஷியல் கெயினும் காமன் மோடு கெயினும் சேர்ந்தே பாதியாவதால் அவற்றின் விகிதம் மாறாது.